காய்ந்த மண்ணும் கைக்கு வந்த காசும்

காதணி என்றவுடன் பொன்னையும் வெள்ளியையும் நினைப்பதே நம் வழக்கம். நம் குமரி மாவட்டத்தில் அதற்குக் காரணமும் உண்டு. நாகர்கோவில் வடசேரியில் செய்யப்படும் கோவில் நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை. பரதநாட்டியம் ஆடுவோர் அணியும் சிவப்புக்கல் பதித்த நெற்றிச்சுட்டியும் ஜிமிக்கியும் அங்கே உருவாகின்றன. அந்த வடசேரியிலிருந்து சற்றுத் தொலைவில்தான் சுங்கான்கடை இருக்கிறது. அங்கே தலைமுறை தலைமுறையாகப் பானை வனையும் குடும்பங்கள் உண்டு. இவ்விரண்டு ஊர்களின் தொழிலும் என் சித்தியின் வீட்டுத் திண்ணையில் ஒன்றுசேர்ந்த கதையையும், அதில் நான் கற்ற பாடத்தையும் இக்கட்டுரையில் எழுதுகிறேன்.

என் சித்தி ஓர் இல்லத்தரசி. சீட்டு எடுத்த பணத்தில் 3,000 ரூபாயை ஒதுக்கி, சுடுமண் நகை செய்து விற்கத் தொடங்கினார். அந்தப் பணம் சித்தியின் மகனுக்கு ஜூன் மாதம் கட்ட வேண்டிய டியூஷன் கட்டணம். "இது போச்சுண்ணா சித்தப்பாவுக்கு முகங்குடுக்க முடியாது மக்களே" என்று என்னிடம் சொன்னார். விற்பதற்குக் கடையும் இல்லை, விளம்பரமும் இல்லை. என் அம்மா அலுவலகத்தில் வேலை செய்கிறார். என் அக்கா கல்லூரியில் படிக்கிறாள். இவர்கள் இருவரின் தோழியரே சித்தியின் முதல் வாடிக்கையாளர்கள்.

எடையே முதல் பாடம்

சித்தி முதலில் செய்தது வடசேரி ஜிமிக்கியைப் பார்த்து அதே அளவில் மண்ணில் ஒரு ஜோடி. பார்க்க மிக அழகாக இருந்தது. அக்கா அதை அணிந்து கல்லூரிக்குப் போனாள். மதிய உணவு வேளைக்குள் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டாள். மாலையில் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தோம். ஒரு காதுக்கு 14 கிராம் இருந்தது. உலோக ஜிமிக்கியை மெல்லிய தகட்டில் செய்யலாம்; மேலும் கனத்தைத் தாங்க மாட்டல் என்னும் சங்கிலி தலைமுடியோடு சேர்த்து மாட்டப்படும். தினமும் பேருந்தில் போகும் பெண் மாட்டல் போடுவதில்லை. காதுத்துளை ஒன்றே எல்லாக் கனத்தையும் சுமக்க வேண்டும்.

அதனால் சித்தி ஒரு வரம்பு வைத்துக்கொண்டார். சுட்ட பிறகு ஒரு காதுக்கு 7 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. குடையைக் கெட்டியாகச் செய்யாமல், ஒரு கோலிக்குண்டின் மேல் மண்தகட்டை அழுத்தி, 2 மில்லிமீட்டர் கனத்தில் உட்குழிவாக எடுத்தார். இதனால் எடை குறைந்ததோடு இன்னொரு நன்மையும் கிடைத்தது. மெல்லிய மண் எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் காயும். அதன் அருமை அடுப்பில் வைத்தபோதுதான் தெரிந்தது.

மண்ணைப் பதப்படுத்துதல்

சுங்கான்கடையில் வயதான குயவர் ஒருவர் இருக்கிறார். அவரைப் பாட்டா என்றே அழைப்போம். அவரிடமிருந்து சித்தி குளத்து மண் வாங்கி வந்தார். அதைக் காயவைத்து, தூளாக்கி, வாளித் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்தார். பிறகு மாவுச் சல்லடையிலும், அதன்பின் பழைய வேட்டித் துணியிலும் வடிகட்டினார். அடியில் படிந்த சேற்றைத் துணியில் பரப்பி, சப்பாத்தி மாவின் பதம் வரும்வரை நீர் வற்றவிட்டு, காற்றுக் குமிழி இல்லாமல் நன்றாகப் பிசைந்தார்.

இரண்டு முறை வடிகட்டுவது வீண் வேலை என்று எனக்குத் தோன்றியது. ஒருமுறை துணியில் வடிக்காமல் செய்த பதக்கம் ஒன்று அந்த எண்ணத்தை மாற்றியது. சுட்டபோது நன்றாக இருந்த அந்தப் பதக்கத்தில், பத்து நாள் கழித்து மிளகு அளவு ஒரு பள்ளம் விழுந்து, நடுவே வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. மண்ணில் கிடந்த சிப்பித் துணுக்கு சூட்டில் நீறி, சுட்ட சுண்ணாம்பாகிவிட்டது. பின்னர் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, தன்னைச் சுற்றியிருந்த மண்ணைத் தள்ளிவிட்டது. சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றினால் அது பொங்குவதை நாம் ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறோமே, அதே வினைதான் இதுவும்.

காய்தலும் சுடுதலும்

ஏப்ரல் வெயிலில் சித்தி நகைகளை நேராக மொட்டைமாடியில் வைத்தார். சிலவற்றின் ஓரங்களில் மயிர்க்கோடு போல் வெடிப்பு விழுந்தது. மண் காயும்போது சுருங்கும். ஓரம் வேகமாகக் காய்ந்து சுருங்க, நடுப்பகுதி ஈரமாகவே இருந்ததால் ஓரம் பிளந்தது. ஆகவே நிழலில், மேலே ஒரு செய்தித்தாளைப் போர்த்தி, நான்கைந்து நாள் காயவிட வேண்டும். கடைசி அரைநாள் மட்டும் வெயில் போதும்.

ஆனால் அடுப்பில் வைத்தபோது வேறு சில உடைந்தன. இவை பிளக்கவில்லை, பட்டாசு போல் வெடித்துச் சில்லுகளாயின. பாட்டா அந்தச் சில்லைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது ஈரம் செஞ்ச வேலையாக்கும் மக்களே. வெளிய காஞ்சிருக்கும், உள்ள தண்ணி கெடந்திருக்கும். அடுப்புல வைக்கதுக்கு முன்ன கன்னத்துல ஒட்டி வச்சுப் பாரு. குளுந்திருந்தா காயல்லண்ணு அர்த்தம்" என்றார்.

பாட்டா சொன்னதற்கு விஞ்ஞானப் பாடத்தில் விளக்கம் உண்டு. ஈரம் ஆவியாகும்போது அது வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் ஈர மண் கன்னத்தில் குளிர்கிறது. அதே நீர் 100 டிகிரியில் நீராவியானால், முன்பிருந்த இடத்தைப் போல் சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கும். வெளியேற வழியில்லாத நீராவி மண்ணை உடைத்துக்கொண்டு போகிறது. சித்தி இப்போது இன்னொரு சோதனையும் செய்கிறார். அடுத்தடுத்த இரண்டு நாள் தராசில் ஒரே எடை காட்டினால்தான் நகையை அடுப்புக்கு எடுப்பார்.

சுடுவதற்கு வீட்டிலுள்ள மின் அடுப்புப் பெட்டி உதவாதா என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். உதவாது. அதன் வெப்பம் 250 டிகிரி அளவில் நின்றுவிடும். மண்ணின் துகளோடு வேதியியல் முறையில் பிணைந்திருக்கும் நீர் ஒன்று உண்டு. அது ஏறத்தாழ 600 டிகிரியை எட்டினால்தான் முழுவதும் விலகும். அதன் பிறகே மண், மீண்டும் சேறாகாத சுடுமண் ஆகிறது. அரைகுறையாகச் சுட்டதை ஓர் இரவு தண்ணீரில் போட்டுவைத்தால் காலையில் கரைந்து கிடக்கும். ஒவ்வொரு சூளைக்கும் ஒரு மாதிரி மணியை இப்படித் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது நல்லது.

சித்தி நகைகளை ஒரு சிறு மண்சட்டியில் அடுக்கி, பாட்டாவிடம் கொடுத்துவிடுவார். பாட்டா தம் சூளையில் பானைகளுக்கு நடுவே அதை வைப்பார். முதல் ஒரு மணி நேரம் சிறு தீ, பிறகே பெருந்தீ. தீ அடங்கிய பின் சூளை தானாகவே ஆறும்வரை யாரும் சட்டியைத் தொடக்கூடாது. சூடாக இருக்கும்போது வெளியே எடுத்தால் குளிர்ந்த காற்றுப் பட்டு விரிசல் விடும். காற்று நன்றாகப் படும்படி சுட்டால் மண்ணிலுள்ள இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து நகை செந்நிறமாகும். சட்டியில் மரத்தூளை நிரப்பி, வாயை மண்ணால் மூடிச் சுட்டால் காற்றில்லாமல் கரிபடிந்து கறுப்பாகும். ஒரே மண்ணில் இரண்டு நிறங்கள் இப்படிக் கிடைக்கின்றன.

சுட்ட நகையை நகத்தால் தட்டினால் 'கிண்' என்று ஒலிக்க வேண்டும். 'தொப்' என்று மங்கலாக ஒலித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே இருக்கிறது என்று பொருள். அதை விற்கக்கூடாது. ஏனென்றால் வாங்குபவர் அம்மாவின் அலுவலகத் தோழி. உடைந்த தோடு மறுநாளே அம்மாவின் மேசைக்குத் திரும்பி வரும்.

மழைக்காலத்துக்குப் பாசியும் துணியும்

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூன் மாதம் மழை பிடித்ததும் சித்தியின் மண் காயவில்லை. கன்னத்தில் வைத்தால் ஒரு வாரம் கழித்தும் குளிர்ந்தது. கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாததால்தான் பாசி நகையும் துணி நகையும் வந்தன.

பாசி மாலையில் சித்தி முதலில் சாதாரண நூலைக் கோத்தார். அலுவலகத்தில் ஒருவருக்குக் கொடுத்த மாலை மூன்றாம் நாளே அறுந்து, கோப்புகளுக்கு நடுவே பாசிகள் சிதறின. கண்ணாடிப் பாசியின் துளை விளிம்பு கத்தி போல் கூர்மையானது. அசையும்போதெல்லாம் நூலை அராவுகிறது. இப்போது கியர் வயர் என்னும் மெல்லிய உலோகக் கயிற்றில் கோத்து, முனையில் கியர் லாக்கை இடுக்கியால் நசுக்கி, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்த பிறகே கொடுக்கிறார். சித்தி கொடுத்த விலையில்லா மாலை ஒன்று, அறுந்ததற்கு ஈடாகப் போயிற்று.

துணி நகைக்குத் தையல் கடையில் மிஞ்சும் பிளவுஸ் துண்டுகளே மூலப்பொருள். அட்டையை வட்டமாக வெட்டி, துணியைப் போர்த்தி, பின்புறம் தைத்து, ஓரத்தில் பாசி வைக்கிறார். பசையைக் கெட்டியாகத் தடவினால் அது பட்டுத்துணியை ஊடுருவி முன்புறம் கறையாகும். மிக மெல்லியதாகத் தடவி, ஓரத்தை ஊசியால் தைப்பதே நல்லது. நம் மாவட்டத்துக்கே உரிய ரேந்தைப் பின்னலின் சிறு துண்டைச் சேர்த்தால் அழகு கூடுகிறது. வளையலையும் சித்தி துணியிலும் பட்டுநூலிலும்தான் செய்கிறார். மண்ணில் 10 சென்டிமீட்டர் கோடு போட்டுச் சுட்டால் எங்கள் மண்ணில் அது 9.2 சென்டிமீட்டர் ஆகிறது. கைக்குச் சரியாகச் செய்த மண் வளையல் சுட்டபின் கைக்குள் நுழையாது. நுழைந்தாலும் மேசையில் ஒருமுறை இடித்தால் போயிற்று. பிளாஸ்டிக் வளையலின் மேல் சுற்றும் நூலுக்கு இந்தக் கவலை இல்லை.

மூன்று வகையும் வந்த பிறகு, யாருக்கு எது என்பதும் தெளிவாயிற்று. கல்லூரி மாணவியர் விலை குறைந்த, காற்றில் ஆடும் துணித் தோட்டையே எடுத்தனர். ஓணக் கொண்டாட்டத்துக்கு முந்திய வாரம் மட்டும், கசவுச் சேலைக்கு ஏற்ற செம்மண் ஜிமிக்கி கேட்டனர். அலுவலகத்தில் இருப்போர் சேலை நிறத்துக்குப் பொருந்தும் சிறு சுடுமண் தோடும், ஒலி எழுப்பாத பாசி மாலையும் வாங்கினர். காது அரிக்கிறது என்று இருவர் திருப்பிக் கொடுத்தபோது, குற்றம் மண்ணில் அல்ல, மலிவான கொக்கியில் கலந்திருக்கும் நிக்கலில் என்று அறிந்தோம். அன்று முதல் துருப்பிடிக்காத எஃகுக் கொக்கியே.

நோட்டுப் புத்தகத்தில் கண்ட உண்மை

எல்லாரும் பாராட்டினார்கள். நகைகளும் விற்றன. ஆனால் மே மாதக் கடைசியில் சித்தியின் பெட்டியில் காசு இல்லை. எனக்குக் கணக்கு பிடிக்கும் என்பதால் நோட்டுப் புத்தகத்தை என்னிடம் தந்தார். ஒரு சூளைக்கு 20 ஜோடி ஜிமிக்கி என்ற கணக்கை எடுத்துக்கொண்டேன்.

மண்ணுக்கு 60 ரூபாய், சூளைக்கும் பேருந்துக்கும் 180 ரூபாய். நான்கு ஜோடி உடைந்து 16 தேறின. இந்த 16-க்கும் வண்ணம், கொக்கி, அட்டை ஆகியவற்றுக்கு ஜோடிக்கு 21 ரூபாய் வீதம் 336 ரூபாய். மொத்தச் செலவு 576 ரூபாய். ஒரு ஜோடியின் அடக்கம் 36 ரூபாய். சித்தி 70 ரூபாய்க்கு விற்றார். பாதிக்குப் பாதி லாபம் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

ஆனால் 16-இல் விற்றவை 12. அந்தப் பன்னிரண்டில் 3 ஜோடிக்குக் காசு வரவில்லை. "அடுத்த மாசம் தாறேன்" என்று சொன்னவர்களிடம் திரும்பக் கேட்க அம்மாவுக்கும் கூச்சம், அக்காவுக்கும் கூச்சம். கைக்கு வந்தது 9 ஜோடியின் விலையான 630 ரூபாய். செலவைக் கழித்தால் மிச்சம் 54 ரூபாய். செய்வதற்கு ஜோடிக்கு அரைமணி நேரம், வண்ணம் தீட்டிக் கொக்கி மாட்டக் கால்மணி நேரம் என்று கூட்டினால் சித்தி உழைத்தது 14 மணி நேரம். அதாவது ஒரு மணி நேர உழைப்புக்கு நான்கு ரூபாய்கூட இல்லை. இதை நான் வாசித்துக் காட்டியபோது சித்தி சிறிது நேரம் பேசவே இல்லை. பிறகு, "நான் என் நேரத்த கணக்குல சேக்கவே இல்லியே மக்களே" என்றார்.

அதன்பின் மூன்று மாற்றங்கள் செய்தோம். முதலாவது, கன்னமும் தராசும் சொல்லாமல் எதுவும் சூளைக்குப் போவதில்லை. இதனால் உடைவது இரண்டு ஜோடியாகக் குறைந்தது. இரண்டாவது, விலை 120 ரூபாய். மூன்றாவது, கடன் இல்லை. நகைப் பெட்டியின் மூடியிலேயே விலையும், 'பொருளோடு பணம்' என்ற சொல்லும் எழுதி ஒட்டினேன். வாயால் சொல்லக் கூச்சப்பட்டதை அட்டை சொன்னது. கையில் காசில்லாதவர்கள் கைப்பேசி வழியே அனுப்பினார்கள். குறிப்பிட்ட சேலை நிறத்துக்குச் செய்யச் சொன்னால் பாதிப் பணம் முன்கூட்டியே. ஏனெனில் அந்த நிறம் வேறொருவருக்கு உதவாது. அலுவலகத்துக்குப் பெட்டி போவது சம்பளம் வந்த முதல் வாரத்தில், மதிய உணவு இடைவேளையில் மட்டும்.

விலை கூடியதும் இரண்டொருவர் முகம் சுளித்தார்கள் என்பது உண்மை. கல்லூரியில் ஜிமிக்கி விற்பனை குறைந்தது. அவர்களுக்காக 50 ரூபாய்த் துணித் தோடு இருந்ததால் யாரும் வெறுங்கையோடு போகவில்லை. மழை சற்று ஓய்ந்த ஆகஸ்டு மாதச் சூளையின் கணக்கு இதுதான். தேறியவை 18, செலவு 618 ரூபாய், விற்றவை 15, கைக்கு வந்தது 1,800 ரூபாய். மிச்சம் 1,182 ரூபாய். உழைத்த பதினான்கரை மணி நேரத்தில் வகுத்தால், மணிக்கு 81 ரூபாய்க்கு மேல். ஜூன் மாதம் கட்ட வேண்டிய கட்டணத்தை அம்மாவிடம் கடன் வாங்கித்தான் சித்தி கட்டினார். அந்தக் கடனைச் செப்டம்பரில் தீர்த்துவிட்டார்.

அன்புத் தோழியரே, உங்கள் வீட்டிலும் யாரேனும் இப்படி நகை செய்தால் அவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். அடுப்பில் வைக்கும் முன் மண் காய்ந்துவிட்டதா? அடுத்த சூளைக்கு மண் வாங்கும் முன் போன சூளையின் காசு கைக்கு வந்துவிட்டதா? இரண்டையும் பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. முன்னதைக் கன்னத்தில் வைத்து அறியலாம்; பின்னதை நோட்டில் எழுதித்தான் அறிய வேண்டும். எங்கள் சித்தியின் நோட்டில் இப்போது 'நேரம்' என்று ஒரு தனிப் பத்தி இருக்கிறது. அதை நிரப்புவது என் வேலை.

பத்தாம் வகுப்பு மாணவி